காசோலைப் படத்தைப் படிக்கும் முறை

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் தேதி காலையில் நம் வட்டாரத்தைச் சேர்ந்த மஞ்சள் விவசாயி ஒருவர் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தார். வேறொரு காரியமாக வந்தவர், பேச்சினிடையே தம் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டி, "மஞ்சள் விற்ற பணம் வந்துவிட்டது, ஐயா, இதோ செக்கு" என்றார். அவர் 16 குவிண்டால் விரலி மஞ்சளைக் குவிண்டால் ஒன்றுக்கு 11,650 ரூபாய் விலையில் ஒரு வியாபாரிக்குக் கொடுத்திருந்தார். சேரவேண்டிய தொகை 1,86,400 ரூபாய். வியாபாரி அத்தொகைக்குக் காசோலை எழுதி, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் வழியாக அனுப்பியிருந்தார். அந்தப் படத்தை நம்பி இரண்டாவது பாரத்தையும் லாரியில் ஏற்றும்படி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார் நம் நண்பர்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதில் மூன்று செய்திகள் நம் கண்ணில் பட்டன. மூன்றும் அவருடைய கண்ணுக்கு முன்னேயே இருந்தவைதாம். எங்கே பார்க்கவேண்டும் என்பது தெரியாமையால் அவர் காணவில்லை. அம்மூன்றும் எவை என்பதை உரிய இடங்களில் கூறுவோம். இத்தகைய படங்களைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடம் கொண்டுவந்து காட்டி, "இது சரிதானா?" என்று கேட்பது இப்பொழுது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. ஆதலின் ஒரு காசோலையின் படத்தை எவ்வாறு படிப்பது என்பதை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

வங்கியும் படத்தைத்தான் பார்க்கிறது

முதலில் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். முற்காலத்தில் நாம் நம் வங்கியில் செலுத்திய காசோலைத் தாள், பணம் கொடுக்கவேண்டிய வங்கியின் கிளைக்கே பயணம் செய்தது. இப்பொழுது அவ்வாறன்று. தாள் நாம் செலுத்திய வங்கியிலேயே நின்றுவிடுகிறது. அதன் படம் மட்டுமே மின்வழியில் மற்ற வங்கிக்குப் போகிறது. இந்த முறை 2008ஆம் ஆண்டு தில்லியிலும், 2011ஆம் ஆண்டு சென்னையிலும், 2013ஆம் ஆண்டு மும்பையிலும் தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் பரவியது.

வங்கி எடுப்பது மூன்று படங்கள். காசோலையின் முன்பக்கம் சாம்பல் நிறச் சாயைகளோடு ஒரு படம்; அதே முன்பக்கம் வெறும் கறுப்பு வெள்ளையில் ஒரு படம்; பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். இவற்றுள் கறுப்பு வெள்ளைப் படத்தின் இயல்பை விவசாயிகள் மனத்தில் இருத்த வேண்டும். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பாகும், அல்லது வெள்ளையாகும். இடைநிலை என்பது கிடையாது. வெளிறிய மையினால் எழுதிய தேதி அப்படத்தில் வெள்ளையோடு வெள்ளையாய் மறைந்துபோகலாம். பெயரின்மேல் அழுத்தமாகக் குத்திய ரப்பர் முத்திரை, பெயரையே கறுப்பாக்கி விழுங்கிவிடலாம். தேதி, பெறுவோர் பெயர், தொகை, கையொப்பம் ஆகியவற்றின்மேல் முத்திரை படலாகாது என்றும், படத்தில் தெளிவாக விழும் மையினாலேயே எழுதவேண்டும் என்றும் ரிஸர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதன் காரணம் இதுவே.

அப்படியானால், வியாபாரி அனுப்பிய படமும் காசோலைதானே என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 2002ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, காசோலையின் மின்படத்தையும் காசோலையாகவே கொள்ளலாம் என்று விதி செய்யப்பட்டது மெய்யே. ஆனால் அது வங்கியோ தீர்வகமோ தாளை நிறுத்திக்கொண்டு எடுக்கும் படத்தைக் குறிக்குமேயன்றி, ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் படத்தைக் குறிக்காது. கைப்பேசிப் படத்தை எந்த வங்கியிலும் செலுத்த முடியாது. செலுத்த முடியாதது திரும்பி வரவும் முடியாது. காசோலை பணமின்றித் திரும்பினால் வங்கி தரும் குறிப்புச் சீட்டைக் கொண்டு 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பவும், அதன் பின்னர் 15 நாட்களுக்குள் பணம் வராவிடில் வழக்குத் தொடுக்கவும் சட்டத்தின் 138ஆம் பிரிவு இடந்தருகிறது. வெறும் படத்தை வைத்திருப்பவருக்கு அந்த வழியும் அடைபட்டுப்போகிறது.

எனவே படம் பணமன்று. எனினும் அது பயனற்றதும் அன்று. தாள் கைக்கு வருமுன்பே, அது வங்கியில் நிற்குமா நில்லாதா என்பதைப் பெரும்பாலும் படத்திலேயே அறிந்துகொள்ளலாம். அதற்குப் பார்க்கவேண்டிய இடங்கள் முக்கியமாக மூன்று: வலப்புற மேல்மூலை, இடப்புற மேல்மூலை, அடிவிளிம்பு. காசோலையின் நான்கு மூலைகளும் படத்தில் விழுந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தாலும் வேறு படம் கேட்டுப் பெறுங்கள்.

தேதிக் கட்டங்கள்

வலப்புற மேல்மூலையில் எட்டுச் சிறு கட்டங்கள் உள்ளன. முதல் இரண்டு நாளுக்கும், அடுத்த இரண்டு மாதத்திற்கும், இறுதி நான்கு ஆண்டிற்கும் உரியவை. கட்டங்களின் கீழே, நாளுக்கு இரண்டு 'டி', மாதத்திற்கு இரண்டு 'எம்', ஆண்டிற்கு நான்கு 'ஒய்' என்று ஆங்கில எழுத்துக்கள் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் ஓர் இலக்கந்தான் இருக்கவேண்டும். மார்ச்சு மாதம் என்றால் வெறும் 3 போதாது. 0, 3 என்று இரு கட்டங்களும் நிரம்பவேண்டும்.

இக்கட்டங்களைப் படிப்பவர் தமக்குத் தாமே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தேதி வந்துவிட்டதா என்பது முதற் கேள்வி. தேதிக்கு முன்னதாகச் செலுத்திய காசோலையை வங்கி திருப்பிவிடும். இந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் கடக்கவில்லையே என்பது இரண்டாம் கேள்வி. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பு காசோலைக்கு ஆறு மாத ஆயுள் உண்டு. அதன் பின்னர் மூன்று மாதந்தான். பழைய கணக்கை நினைத்துக்கொண்டு காசோலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். கட்டத்தில் ஏதேனும் இலக்கம் திருத்தப்பட்டிருக்கிறதா என்பது மூன்றாம் கேள்வி.

நம் விவசாய நண்பர் கொண்டுவந்த படத்தில் முதல் இரு கட்டங்களில் 1, 0 என்று இருந்தது. அன்றைய தேதியும் 10 ஆதலின், 'இன்றைய செக்குத்தான்' என்று அவர் திருப்தியடைந்துவிட்டார். மாதக் கட்டங்களைப் பெரிதாக்கியபோதோ, அங்கே 1, 2 என்று தென்பட்டது. அதாவது பணம் கேட்கக்கூடிய நாள் 2025 டிசம்பர் 10. முழுமையாக இரண்டு மாதம் தள்ளி! அதோடு நிற்கவில்லை. அந்த 2 என்ற இலக்கம் மற்ற இலக்கங்களைவிடத் தடித்துக் காணப்பட்டது. அதன் உள்ளே ஒரு சுழியின் வளைவும் தெரிந்தது. முதலில் 10ஆம் மாதம் என்று எழுதிப் பின்னர் சுழியை 2 ஆக்கியிருக்கிறார்கள் என்பது விளங்கியது.

திருத்தத்தைப் பற்றிய விதி கண்டிப்பானது. படமுறையில் தீர்வாகும் காசோலைகளில் பெறுவோர் பெயரையோ, எண்ணால் எழுதிய தொகையையோ, எழுத்தால் எழுதிய தொகையையோ திருத்தலாகாது. பிழை நேர்ந்தால் புதிய தாளில்தான் எழுதவேண்டும். தேதியைப் புதுப்பிப்பதற்குச் செய்யும் திருத்தம் ஒன்றுக்கே விலக்கு உண்டு. அதற்கும் கணக்குக்கு உரியவர் கையொப்பமிட்டு உறுதி செய்யவேண்டும். இந்தப் படத்தில் திருத்திய இடத்தருகே கையொப்பம் ஏதும் காணப்படவில்லை. ஆதலின் டிசம்பர் 10ஆம் தேதி வரை காத்திருந்து செலுத்தினாலும் வங்கி இதைத் திருப்பும் என்பதில் ஐயமில்லை. இது முதற் குறை.

பெயரும் தொகையும்

பெறுவோர் பெயரையும் தொகையையும் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. உங்கள் வங்கிப் புத்தகத்தில் பெயர் எப்படி உள்ளதோ அப்படியே காசோலையிலும் இருக்கவேண்டும். ஊரில் அழைக்கும் பெயர் உதவாது. பெயருக்குப் பின்னும் தொகைக்கு முன்னும் பின்னும் வேறெதையும் நுழைக்க இடமிராமல் கோடு இழுத்திருக்கவேண்டும். எண்ணிலும் எழுத்திலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்பது சட்டம்; ஆயினும் நடைமுறையில் வங்கிகள் அத்தகைய காசோலையைத் திருப்பிவிடுவதே வழக்கம். ஆகவே சட்டத்தை நம்பி வாங்கவேண்டாம்.

குறுக்குக் கோடுகள்

இனி இடப்புற மேல்மூலைக்கு வருவோம். அங்கே சாய்வாக இரண்டு இணைகோடுகள் இழுக்கப்பட்டிருந்தால், அதனைக் குறுக்குக்கோடிட்ட காசோலை அல்லது கீறிய காசோலை என்பர். இக்கோடுகளுக்கு ஒரே பொருள்தான்: இந்தப் பணத்தை வங்கியின் முகப்பில் ரொக்கமாகக் கொடுக்காதே, வேறொரு வங்கிக் கணக்கின் வழியாகவே கொடு. கோடு இல்லாமலும், பெயருக்குப் பின்னால் அச்சிட்டுள்ள 'அல்லது கொண்டுவருபவருக்கு' என்ற பொருளுடைய சொற்கள் அடிக்கப்படாமலும் இருந்தால், தாளை யார் கொண்டுபோய் நீட்டினாலும் அவருக்குப் பணம் கிடைத்துவிடக்கூடும். வழியில் தொலைந்த தாள் கண்டெடுத்தவனுக்குப் பணமாவது இவ்வாறுதான்.

கோடுகள் இரண்டாக இருத்தல் வேண்டும். ஒரு கோடு கீறலாகாது. கோடுகளுக்கிடையே எழுதப்படும் சொற்களைக்கொண்டு அதன் வலிமை வேறுபடும். ஒன்றும் எழுதாத இரு கோடுகள் பொதுக் கீறல். பணம் ஏதேனும் ஒரு வங்கிக் கணக்கின் வழியாகச் செல்லும், அவ்வளவே. ஒரு வங்கியின் பெயர் கோடுகளோடு எழுதப்பட்டிருந்தால் அது தனிக் கீறல். அந்த வங்கியின் மூலமே பணம் பெறமுடியும். 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதியிருந்தால், பெயர் எழுதப்பட்டவரின் கணக்கிலன்றி வேறெவர் கணக்கிலும் வங்கி அதை வரவு வைக்காது. இந்தக் கடைசிச் சொற்கள் சட்டத்தில் கூறப்படவில்லை. ஆயினும் ரிஸர்வ் வங்கியின் கட்டளையாலும் வங்கிகளின் வழக்கத்தாலும் அவை உறுதி பெற்றவை. விளைபொருள் விற்ற பணத்திற்கு இந்த முறையே மிகவும் பாதுகாப்பானது.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. கோடு இல்லாத காசோலை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதை வைத்திருக்கும் நீங்களே இரு கோடுகளை இழுக்கலாம். சட்டத்தின் 125ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அதைத் திருத்தம் என்று எவரும் குறை சொல்ல முடியாது. தூரத்திலுள்ள வங்கிக்கு ஆள்மூலம் அனுப்புகின்றவர்கள் இதைச் செய்துவிட்டு அனுப்புவது நலம். ஆனால் போட்ட கோட்டை அழிக்கும் உரிமை பெறுவோருக்கு இல்லை. அழித்ததுபோல் அடையாளம் தெரியும் காசோலையைத் தொடாதிருப்பதே மேல்.

படத்தில் இக்கோடுகளைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. படம், எடுத்த நேரத்தில் தாள் இருந்த நிலையை மட்டுமே காட்டும். படத்தில் கோடு இல்லையென்றால் பின்னர் போட்டிருக்கலாம். படத்தில் இருப்பதனாலேயே அந்தத் தாள் உங்களிடம் வரும் என்ற உறுதியும் கிடையாது. நம் நண்பரின் படத்தில் இரு கோடுகளும், அவற்றினிடையே 'அக்கவுண்ட் பேயீ' என்ற சொற்களும் அழகாகவே இருந்தன. அவரும் அந்தக் கோடுகளைக் கண்டுதான் மனநிறைவு கொண்டிருந்தார். கோடு, பணம் யாரிடம் போகும் என்பதைக் காக்கும். பணம் வருமா என்பதை அது காக்காது.

அடிவிளிம்பிலுள்ள எண்வரிசை

காசோலையின் அடியில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு அகலத்திற்கு வெள்ளையாக ஒரு பட்டை விடப்பட்டிருக்கும். அதில் விநோதமான வடிவுள்ள எண்கள் அச்சிடப்பட்டிருப்பதை அனைவரும் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தோன்றும் இவ்வெண்கள் இரும்புத்தூள் கலந்த காந்த மையினால் அச்சிடப்பெற்றவை. எம்.ஐ.சி.ஆர். எண் என்று வங்கியில் சொல்வது இதனைத்தான். இயந்திரம் அந்தக் காந்தத்தைக்கொண்டு எண்களை அறிகிறது. இப்பட்டையில் எழுதுவதும், முத்திரை குத்துவதும், மடிப்பதும், குண்டூசி செருகுவதும் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

நம் நண்பரின் படத்திலிருந்த வரிசையை, வங்கியையும் கிளையையும் கணக்கையும் குறிக்கும் எண்களை மட்டும் மாற்றி, இடையிலுள்ள சிறு குறிகளை நீக்கிக் கீழே தருகின்றோம்.

```
417263   638999001   004518   31
```

இடமிருந்து வலமாக நான்கு தொகுதிகள் உள்ளன. முதல் ஆறு இலக்கம் காசோலையின் எண். ஒவ்வொரு தாளுக்கும் இது தனித்தனி. படம் வந்தவுடன் இந்த ஆறு இலக்கத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் கைக்கு வரும் தாளில் வேறு எண் இருந்தால், படத்தில் கண்டது வேறு, வந்தது வேறு என்று தெரிந்துகொள்ளலாம். அவ்வாறாயின் எல்லாவற்றையும் முதலிலிருந்து மீண்டும் பார்க்கவேண்டும்.

இரண்டாம் தொகுதியில் ஒன்பது இலக்கங்கள். அவை மும்மூன்றாகப் பிரியும். முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. ஊரைக் குறிக்கும் எண் பெரும்பாலும் தபால் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கமே. சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோயமுத்தூருக்கு 641, ஈரோட்டுக்கு 638 என்று வரும். வங்கிகளுக்கும் இவ்வாறே எண் உண்டு. ஸ்டேட் வங்கிக்கு 002, இந்தியன் வங்கிக்கு 019. காசோலையின் மேற்புறத்தில் அச்சிட்டுள்ள கிளையின் ஊரும் அடியிலுள்ள எண்ணின் ஊரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது சுலபமான சோதனை. மேலே ஓர் ஊரும் கீழே வேறோர் ஊரின் எண்ணும் இருந்தால் வங்கியில் காட்டிக் கேட்காமல் ஏற்கலாகாது.

மூன்றாம் தொகுதி கணக்கை அடையாளம் காண வங்கி வைத்துக்கொள்ளும் ஆறு இலக்கம். இது முழுக் கணக்கு எண்ணன்று. முழு எண் காசோலையின் நடுப்பகுதியில் தனியே அச்சிடப்பட்டிருக்கும்.

கடைசியாக நிற்கும் இரண்டு இலக்கந்தான் பெரும்பாலோர் கவனியாதது. அது கணக்கின் வகையைச் சொல்கிறது. 10 என்றாலும் 31 என்றாலும் சேமிப்புக் கணக்கு. 11 என்றாலும் 29 என்றாலும் நடப்புக் கணக்கு. இவற்றுள் 29, 31 ஆகியவை எவ்வூர்க் கிளையிலும் முழு மதிப்பில் செல்லத்தக்க காசோலைகளுக்கு உரியவை. ஒரு கடையின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ சேமிப்புக் கணக்குத் தொடங்க வங்கிகளுக்கு அனுமதியில்லை. வியாபாரக் கணக்கு நடப்புக் கணக்காகவே இருக்கும்.

இப்பொழுது நம் நண்பரின் படத்தைப் பாருங்கள். கையொப்பத்தின்மேல் மஞ்சள் மண்டியின் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை பளிச்சென்று குத்தப்பட்டிருந்தது. ஆனால் எண்வரிசையின் முடிவில் நின்றது 31. அதாவது ஒரு தனி மனிதரின் சேமிப்புக் கணக்கு. இது இரண்டாம் குறை. முத்திரைக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லையே என்று ஐயுற்று, கையொப்பமிடும் இடத்தின் அருகே அச்சிட்டிருந்த கணக்குக்காரர் பெயரைப் பெரிதாக்கிப் படித்தோம். அது மண்டியின் பெயருமன்று, வியாபாரியின் பெயருமன்று. நம் நண்பர் கேள்வியே பட்டிராத ஒருவரின் பெயர். இது மூன்றாம் குறை.

இதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். ஒருவருக்காக வேறொருவர் தம் கணக்கிலிருந்து பணம் கொடுப்பது குற்றமன்று. ஆனால் காசோலை பணமின்றித் திரும்பினால், 138ஆம் பிரிவு கணக்குக்கு உரியவராய் அதை எழுதியவரையே பற்றும். மஞ்சளை வாங்கியவர், "அது என் செக்கன்று" என்று ஒதுங்கிக்கொள்வார். கணக்குக்காரரோ, "இந்த விவசாயியை நான் பார்த்ததே இல்லை, அவருக்கு நான் தரவேண்டிய கடன் ஏது?" என்பார். ரப்பர் முத்திரை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடியது. வங்கி அச்சிட்ட பெயரும் எண்ணும் அத்தகையன அல்ல. ஆதலால் முத்திரையைப் படிக்குமுன் கடைசி இரண்டு இலக்கத்தைப் படியுங்கள்.

படம் காட்டாதவை

எவ்வளவு தெளிவான படமாயினும் அதற்கு எல்லை உண்டு. உண்மையான காசோலைத் தாளை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் 'சி.டி.எஸ். இந்தியா' என்ற நீரெழுத்துத் தெரியும். படத்தில் அது தெரியாது. வங்கியின் சின்னம் புறஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் மையினால் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் படத்தில் காண இயலாது. அடிவரிசையின் மையில் காந்தம் உண்டா என்பதையும் படம் சொல்லாது. கணக்கில் பணம் இருக்கிறதா, கையொப்பம் வங்கியிலுள்ள மாதிரியோடு ஒக்கிறதா, எழுதியவர் பணம் கொடுக்கவேண்டாமென்று வங்கிக்கு எழுதிவைத்திருக்கிறாரா என்பனவற்றைத் தாளைப் பார்த்தும் அறிய முடியாது. வங்கியில் செலுத்திய பின்னரே தெரியும்.

அவ்வாறு செலுத்தினால் முன்போல் பல நாள் காத்திருக்கவேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி முதல், பகலில் குறித்த நேரத்திற்குள் தீர்வுக்கு அனுப்பிய படங்களுக்குப் பணம் கொடுக்கவேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் விடைகூற வேண்டுமென்று ஏற்பாடாகியுள்ளது. ஒரு நாள் பொறுத்துச் சரக்கை ஏற்றுவதால் பெரும்பாலும் நட்டம் ஒன்றுமில்லை என்பது இதனால் விளங்கும். 50,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசோலைகளுக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல், எழுதியவர் தேதி, பெயர், தொகை முதலிய விவரங்களைத் தம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவைக்கலாம். பெரிய தொகைக்குக் காசோலை தருபவரிடம், "வங்கிக்குத் தெரிவித்துவிட்டீர்களா?" என்று கேட்டுக்கொள்வது முறையே, அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

மற்றொன்று. நீங்கள் எழுதிய காசோலையையோ, உங்கள் காசோலைப் புத்தகத்தின் தாளையோ படமெடுத்துப் பிறருக்கு அனுப்பாதீர்கள். கணக்கு எண், கையொப்பம், காசோலை எண் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் அகப்பட்டுவிடுகின்றன. கணக்கு விவரத்திற்காக அரசு அலுவலகம் ஒன்று காசோலை கேட்டால், கையொப்பமிடாத தாளின் குறுக்கே, ரத்துச் செய்யப்பட்டது என்ற பொருளில் 'கேன்சல்டு' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். கணக்கு எண்ணும் அடிவரிசையும் மறையாமல் இருந்தால் போதும்.

முடிவில் நடந்தது

மூன்று குறைகளையும் கண்ட நம் நண்பர், அங்கேயே வீட்டுக்குப் பேசி லாரியை நிறுத்தச் சொன்னார். பின்னர் வியாபாரியை அழைத்து, தேதி திருத்தத்தையும் வேறு பெயரையும் குறிப்பிட்டார். வியாபாரி முதலில், "செக்கு கடையில்தான் இருக்கிறது; எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்; அது என் மைத்துனர் கணக்கு, சொந்தக்காரர் செக்கு என்றால் என்ன?" என்று வாதாடினார். நண்பர் விவாதத்தில் இறங்கவில்லை. "மண்டிக் கணக்கிலிருந்து பணம் என் கணக்குக்கு வரட்டும், வந்த அன்றே இரண்டாம் பாரம் புறப்படும்" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து ஒரு லட்சமும், அடுத்த வாரம் மீதி 86,400 ரூபாயும் மண்டியின் நடப்புக் கணக்கிலிருந்து நேராக வந்து சேர்ந்தன. அதன் பின்னரே இரண்டாம் பாரம் ஊரை விட்டுச் சென்றது.

அந்தப் படம் அவருடைய கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. தம் ஊர்ப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டி, முதலில் மாதக் கட்டத்தையும், அடுத்துக் கோடுகளையும், கடைசியில் 31 என்ற இலக்கத்தையும் அவர் விரலால் சுட்டிக் காட்டுவதாக அண்மையில் கேள்விப்பட்டோம்.